இல்ல விளையாட்டுப் போட்டி: மைதானத்துச் சண்டைகள் எழுதித் தந்த விதிகள்

இல்ல விளையாட்டுப் போட்டிக்கான காலம் மீண்டும் வந்துவிட்டது. ஆசிரியர் கூட்டத்தில் வழமையான நான்கு விடயங்கள் பேசப்படும். ஹீட்ஸை எப்போது நடத்துவது, மத்தியஸ்தர்கள் யார், புள்ளி எப்படி வழங்குவது, மழை வந்தால் என்ன செய்வது. கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக் கலைந்துவிடுவோம். இவையெல்லாம் ஏதோ ஒரு சுற்றுநிருபத்தில் இருந்து இறங்கி வந்த சம்பிரதாயங்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கின்றோம்.

உண்மை வேறு. இந்த நான்கில் ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் எங்கோ ஒரு மைதானத்தில் நடந்த ஒரு சண்டை இருக்கின்றது. விதி எழுதப்படாமல் இருந்ததால், அல்லது தவறாக எழுதப்பட்டிருந்ததால் வந்த சண்டை. அந்தக் கதைகளைத் தெரிந்துகொண்டால் நமது மைதானத்தில் எதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பது விளங்கும்.

நமது ஊர்களில் இது சிறிய விடயமல்ல. இல்லங்களுக்கிடையே எழும் ஒரு தகராறு மாலை ஆறு மணியோடு முடிவதில்லை. அது கடைத்தெருவுக்கு வரும், வீட்டுக்குள் வரும், ஒரே குடும்பத்துப் பிள்ளைகளுக்கிடையிலும் வரும். அதைவிட முக்கியமானது, வலய மட்டப் போட்டிக்குப் போகும் பிள்ளை இந்தப் போட்டியிலிருந்துதான் தெரிவாகின்றது. இங்கே தவறாக வெளியேற்றப்பட்ட பிள்ளைக்கு அந்த வருடத்தில் இன்னொரு வாய்ப்பு இல்லை.

இல்லம் என்பது முதலில் உண்மையான வீடு

இல்ல முறை இங்கிலாந்தின் விடுதிப் பாடசாலைகளில் தோன்றியது. அங்கே 'ஹவுஸ்' என்றால் மாணவர்கள் உண்டு உறங்கிய கட்டடம். அதற்கொரு பொறுப்பாசிரியர் இருந்தார். ஒரு கட்டடத்தார் இன்னொரு கட்டடத்தாரோடு ஓடியும் பந்தடித்தும் போட்டியிட்டனர். பகல் நேரப் பாடசாலைகள் அந்த முறையை எடுத்துக்கொண்டபோது கட்டடம் போய்விட்டது, பெயரும் நிறமும் மட்டும் மிஞ்சின.

ஆங்கிலேயர் காலத்தில் அந்த வடிவம் இலங்கைக்கு வந்தது. 1835இல் தொடங்கிய கொழும்பு றோயல் கல்லூரியின் இல்லங்கள் மார்ஷ், போக், ஹார்வர்ட், ஹார்ட்லி, ரீட் என முன்னாள் அதிபர்களின் பெயர்களைத் தாங்குகின்றன. எமது முஸ்லிம் பாடசாலைகள் பலவற்றில் ஹிரா, அரபா, ஸபா, மர்வா போன்ற பெயர்களைக் காண்கின்றோம். பெயர் மாறினாலும் வடிவம் ஒன்றுதான்.

கட்டடம் இல்லாமல் போனதால் ஒரு கேள்வி புதிதாக முளைத்தது. எந்தப் பிள்ளை எந்த இல்லம்? விடுதியில் அதற்குப் பதில் தேவையில்லை, உறங்கும் இடமே இல்லம். நமக்குப் பதில் இடாப்பில்தான் உண்டு. சேர்விலக்க ஒழுங்கில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பிரித்துக்கொண்டு போவதே நேர்மையான வழி. 'இவன் நன்றாக ஓடுவான், எங்கள் இல்லத்துக்குத் தாருங்கள்' என்று இடையில் மாற்றத் தொடங்கினால், போட்டி மைதானத்தில் அல்ல, இடாப்பிலேயே முடிந்துவிடும்.

ஹீட்ஸ்: யார் வெளியேறுவது?

ஓடுபாதையில் இடம் குறைவு, ஓட வருபவர்கள் அதிகம். ஆகவே முதற்சுற்றுகளை வைத்து ஆட்களைக் குறைக்கின்றோம். எப்படிக் குறைப்பது என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்துக்கு 16 ஹீட்ஸ் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் முதலாவதாக வந்தவர் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போனார். பின்னர் நான்கு அரையிறுதிகள். அவற்றிலும் முதலாமவர் மட்டும். இறுதியில் நால்வர் எஞ்சினர். இந்த முறையில், பலமான ஹீட்ஸில் மயிரிழையில் இரண்டாவதாக வந்தவர் வீட்டுக்குப் போவார். பலவீனமான ஹீட்ஸில் மெதுவாக ஓடி முதலாவதாக வந்தவர் முன்னேறுவார். பிற்காலத்தில் ஒவ்வொரு ஹீட்ஸிலும் முதல் இருவர் அல்லது மூவர் என்றும், அவர்களுக்கு அடுத்ததாகக் கூடிய வேகம் காட்டிய சிலர் என்றும் முறை மாறியது இதனால்தான்.

நமது மைதானத்துக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். நான்கு இல்லங்கள், ஒரு நிகழ்ச்சிக்கு இல்லத்துக்கு மூவர், மொத்தம் 12 பேர். பாதையில் ஆறு சுவடுகள். ஆக, ஆறு பேர் கொண்ட இரண்டு ஹீட்ஸ். இறுதிக்கு ஆறு பேர் வேண்டும்.

முதல் கேள்வி, பன்னிரண்டு பேரை எப்படிப் பிரிப்பது. வருகின்ற ஒழுங்கில் வரிசையாக நிறுத்தினால் ஒரே இல்லத்தின் மூவரும் ஒரே ஹீட்ஸில் விழலாம். எனவே இல்லப் பொறுப்பாசிரியர் தமது மூவரையும் வேக ஒழுங்கில் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஓர் இல்லத்தின் முதலாமவரும் இரண்டாமவரும் ஒரே ஹீட்ஸில் வரக்கூடாது. நான்கு இல்லங்களின் முதலாமவர்களும் இரண்டு, இரண்டாகப் பிரிய வேண்டும். மூன்றாமவர்களையும் அவ்வாறே இரண்டு, இரண்டாகப் போட்டால் ஒவ்வொரு ஹீட்ஸிலும் ஆறு பேர் சரியாக அமைவர். எந்தச் சுவடு என்பதை மட்டும் இல்லத் தலைவர்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கலாம்.

இரண்டாவது கேள்வி, இறுதிக்கு எவரை எடுப்பது. பெரிய போட்டிகளைப் பார்த்து 'இருவர் இடத்தின்படி, மற்றவர் நேரத்தின்படி' என்று வைக்க ஆசை வரும். கைக்கடிகாரத்தை நம்பி நடக்கும் பாடசாலைப் போட்டிக்கு அது பொருந்தாது. முதல் ஹீட்ஸில் ஓர் ஆசிரியர் கடிகாரத்தை அழுத்தினார், இரண்டாவதில் இன்னொருவர். ஒருவர் துப்பாக்கிப் புகையைப் பார்த்து அழுத்துவார், மற்றவர் சத்தத்தைக் கேட்டு அழுத்துவார். இந்த வித்தியாசமே ஒரு செக்கனில் பத்தில் இரண்டு, மூன்று பங்கைத் தின்றுவிடும். நூறு மீற்றரில் அது இரண்டு மீற்றர் தூரம். ஆகவே ஒவ்வொரு ஹீட்ஸிலும் முதல் மூவர் இறுதிக்கு என்று இடத்தை மட்டும் வைத்துத் தெரிவு செய்வதே எமக்குப் பாதுகாப்பானது. பிரித்த முறை சரியாக இருந்தால் இதில் பெரிய அநியாயம் நேராது.

பிரித்தது சரியா என்பதை எப்படிக் கண்டுகொள்வது? ஒரே நேரக் கணிப்பாளர்கள் இரண்டு ஹீட்ஸையும் கணித்திருந்து, ஒன்றில் நான்காவதாக வந்த பிள்ளை மற்றதில் முதலாவதாக வந்தவரைவிடத் தெளிவாக வேகமாக ஓடியிருந்தால், பிரித்ததில் கோளாறு என்று அர்த்தம்.

மூன்றாவது விடயம் ஓய்வு. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் 400 மீற்றர் தடை தாண்டி ஓட்டத்தில் நம் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வென்று தந்த டங்கன் வைட், முதற்சுற்று, அரையிறுதி, இறுதி என மூன்று முறை ஓடித்தான் அந்த வெள்ளிப் பதக்கத்தைப் பெற்றார். இறுதியில் அவரது நேரம் 51.8 செக்கன். சுற்று முறை என்பது மீண்டும் மீண்டும் ஓடக்கூடியவரைத் தேடும் முறை. அதற்கு இடையில் மூச்சு வாங்க நேரம் கொடுக்க வேண்டும். இன்றைய சர்வதேச விதியில் 200 மீற்றர் வரையான ஓட்டங்களில் ஒரு சுற்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் குறைந்தது 45 நிமிடங்கள், அதற்கு மேல் 1000 மீற்றர் வரை 90 நிமிடங்கள். நமது போட்டிகளில் பகல் சாப்பாட்டுக்கு முன் ஹீட்ஸ், பிரதம அதிதி வந்துவிட்டார் என்பதற்காகப் பதினைந்து நிமிடத்தில் இறுதி என்று ஓட விடுவதுண்டு. ஹீட்ஸ்களை இரு தினங்களுக்கு முன்னரே முடித்துவிட்டால் இந்த நெருக்கடி வராது.

மத்தியஸ்தர்: இரண்டு விதிநூல்களும் ஒரு வளைவும்

மேலே சொன்ன அதே 1908 ஓட்டத்தின் இறுதிக்கு வருவோம். ஓடியவர்கள் நால்வர். பிரித்தானியாவின் விண்டம் ஹால்ஸ்வெல், அமெரிக்காவின் ஜோன் கார்பென்டர், வில்லியம் ராபின்ஸ், ஜோன் டெய்லர். பாதையில் சுவடுகள் பிரிக்கப்பட்டிருக்கவில்லை. யாரும் எங்கும் ஓடலாம்.

கடைசி வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வரும்போது ஹால்ஸ்வெல் வெளிப்பக்கத்தால் முந்த முயன்றார். முன்னே ஓடிய கார்பென்டர் மெல்ல மெல்ல வெளிப்பக்கமாக அகன்று சென்று அவரைப் பாதையின் ஓரத்துக்கே தள்ளிவிட்டார். பாதையோரத்தில் நின்ற மத்தியஸ்தர்கள் கைகளை உயர்த்திச் சத்தமிட்டனர். முதலாமவர் வந்து சேருமுன்பே முடிவு நாடா அறுக்கப்பட்டது. ஓட்டம் செல்லாது என அறிவிக்கப்பட்டது.

பிரச்சினை எங்கே? போட்டி பிரித்தானிய அமெச்சூர் தடகளச் சங்கத்தின் விதிப்படி நடந்தது. அந்த விதியில் முந்த வருபவரை மறிப்பது குற்றம். அமெரிக்க வீரர்கள் பழகிய விதி அவ்வளவு இறுக்கமானதல்ல. மத்தியஸ்தர்கள் அனைவரும் பிரித்தானியர், முறையிட்டவர்கள் அமெரிக்கர். தீர்ப்பு சரியாகவே இருந்தாலும், அதை நம்புவதற்கு மறுபக்கத்தாருக்குக் காரணம் இருக்கவில்லை.

கார்பென்டர் நீக்கப்பட்டார். இரண்டு நாட்களின் பின், கயிறு கட்டிச் சுவடு பிரித்து மீண்டும் ஓடுமாறு உத்தரவு வந்தது. ராபின்ஸும் டெய்லரும் ஓட மறுத்தனர். ஹால்ஸ்வெல் தனியாக ஓடித் தங்கம் பெற்றார். ஒலிம்பிக் தடகள வரலாற்றில் எதிராளி இல்லாமல் ஒருவர் ஓடி வென்ற இறுதிப் போட்டி அது ஒன்றுதான். நான்கு ஆண்டுகள் கழித்து 1912இல் ஸ்டொக்ஹோமில் சர்வதேசத் தடகளச் சம்மேளனம் உருவானது. எல்லா நாடுகளுக்கும் ஒரே விதிநூல் வேண்டும் என்ற தேவையை இத்தகைய தகராறுகள்தான் உணர்த்தின.

இதில் எமக்கு மூன்று பாடங்கள் உண்டு.

முதலாவது, வளைவில் ஆள் வேண்டும். நாம் எல்லா மத்தியஸ்தர்களையும் இறுதிக் கோட்டில் குவித்துவிடுகின்றோம். சுவடு மாறுவதும் தள்ளுவதும் நடப்பது வளைவில். இரண்டு வளைவுகளிலும் இருவர் இருவராக நின்று, தவறைக் கண்டால் மஞ்சள் கொடியை உயர்த்தி, எந்தச் சுவடு, எந்த இடம் என்று அங்கேயே எழுத வேண்டும். ஓட்டத்தை நிறுத்துவது அவர்களது வேலையல்ல. பிரதம மத்தியஸ்தர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாவது, சுவட்டை அளந்து போட வேண்டும். எமது பாடசாலைகள் பலவற்றில் 200 மீற்றர் சுற்றுப்பாதைதான் உண்டு. சுவட்டின் அகலம் ஒரு மீற்றர் என்றால், ஒரு முழுச் சுற்றில் ஒவ்வொரு வெளிச்சுவடும் தனக்கு உள்ளே இருப்பதைவிட 6.28 மீற்றர் நீளமாகும். அதனால் 200 மீற்றர் ஓட்டத்தில் ஆறாவது சுவட்டுப் பிள்ளை முதலாவது சுவட்டுப் பிள்ளைக்கு 31.4 மீற்றர் முன்னால் நிற்க வேண்டும். பார்க்கின்ற பெற்றோருக்கு 'இவனை முன்னுக்கு விட்டுட்டாங்க' என்றுதான் தோன்றும். அது சலுகை அல்ல, வளைவில் அவன் ஓடப்போகும் கூடுதல் தூரம். 400 மீற்றர் பாதையில் 200 மீற்றர் ஓட்டம் அரைச் சுற்றுத்தான் என்பதால் அங்கே முன்தூரம் இதில் பாதி. அந்தக் கணக்கைப் பார்த்து நமது சிறிய பாதையில் போட்டால் ஆறாவது சுவட்டுப் பிள்ளைக்கு 15.7 மீற்றர் அநியாயம் நடக்கும். எந்த மத்தியஸ்தராலும் அதை ஈடுசெய்ய முடியாது.

மூன்றாவது, தீர்ப்புச் சொல்பவர் எந்த இல்லத்துக்கும் உரியவராக இருக்கக்கூடாது. சிறிய பாடசாலையில் ஆசிரியர் எல்லோரும் ஏதோவோர் இல்லத்துக்குப் பொறுப்பாக இருப்பர். ஆகவே பிரதம மத்தியஸ்தரையும், முறையீட்டைக் கேட்கும் மூவரையும் அயல் பாடசாலையிலிருந்து அழைப்பதே வழி. அவர்களும் நம் பிரதேசத்து ஆசிரியர்கள்தான், ஆனால் அன்று அவர்களுக்கு நிறமில்லை.

இறுதிக் கோட்டைப் பற்றியும் ஒரு கதை சொல்ல வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சலில் அவுஸ்திரேலியாவின் ஜோன் டெவிட்டும் அமெரிக்காவின் லான்ஸ் லார்சனும் ஏறத்தாழ ஒன்றாக முடித்தனர். மூன்று கடிகாரங்களும் டெவிட்டுக்கு 55.2 செக்கன் காட்டின. லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. கடிகாரப்படி லார்சன் வெற்றி. ஆனால் இடம் பார்க்கும் தீர்ப்பாளர்கள் அறுவரும் மூன்றுக்கு மூன்று எனப் பிரிந்தனர். பிரதம தீர்ப்பாளர் டெவிட் பக்கம் சாய்ந்தார். தங்கம் டெவிட்டுக்குப் போனது. லார்சனின் நேரமும் 55.2 என மாற்றி எழுதப்பட்டது. மின்சாரக் கணிப்பு வேண்டும் என்ற குரல் இதன் பின்னர் வலுத்தது.

நம்மிடம் மின்சாரக் கணிப்பு இல்லை. ஆகவே இரண்டு வேலைகளையும் பிரித்து வைக்க வேண்டும். இடம் பார்ப்பவர் நேரம் கணிக்கக்கூடாது, நேரம் கணிப்பவர் இடம் சொல்லக்கூடாது. ஓர் இடத்துக்கு ஒரு தீர்ப்பாளர் என்று, முதலாம் இடத்தைப் பார்ப்பவர் முதலாமவரை மட்டும், இரண்டாம் இடத்தைப் பார்ப்பவர் இரண்டாமவரை மட்டும் பிடிக்க வேண்டும். தலையோ கையோ அல்ல, உடற்பகுதி கோட்டை எட்டுவதே கணக்கு. இடமும் நேரமும் முரண்பட்டால் எது மேல் என்பதை முதல்நாளே எழுதி வைக்க வேண்டும். கைக்கடிகாரத்தின் பிழையை எண்ணிப் பார்த்தால் இடத் தீர்ப்பே மேலானது என்று எழுதுவதுதான் சரி.

புள்ளி அட்டவணை: யார் வென்றார் என்பதை அட்டவணை சொல்கின்றது

2008 பெய்ஜிங் ஒலிம்பிக் நடந்த நாட்களில் உலகப் பத்திரிகைகள் பலவற்றில் சீனா முதலிடம். 51 தங்கம். அமெரிக்கப் பத்திரிகைகளில் அமெரிக்கா முதலிடம். மொத்தம் 110 பதக்கம், சீனாவுக்கு 100. இரண்டும் பொய்யல்ல. ஒன்று தங்கத்தை எண்ணியது, மற்றது எல்லாப் பதக்கங்களையும் எண்ணியது.

நமது சம்பியன் கிண்ணத்திலும் இதே கதைதான். பத்து நிகழ்ச்சிகள் கொண்ட ஒரு போட்டியை எடுத்துக்கொள்வோம். ஹிரா இல்லம் 5 முதலிடம், 1 மூன்றாமிடம், 1 நான்காமிடம் பெற்றது. அரபா இல்லம் 2 முதலிடம், 4 இரண்டாமிடம், 3 மூன்றாமிடம், 1 நான்காமிடம் பெற்றது. ஏனைய இரண்டு இல்லங்களும் இவற்றுக்குப் பின்னால் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்.

முதல் மூவருக்கு 5, 3, 1 என்று புள்ளி வழங்கினால் ஹிராவுக்கு 26, அரபாவுக்கு 25. கிண்ணம் ஹிராவுக்கு.

முதல் நால்வருக்கு 5, 3, 2, 1 என்று வழங்கினால் ஹிராவுக்கு 28, அரபாவுக்கு 29. கிண்ணம் அரபாவுக்கு.

எந்தப் பிள்ளையும் ஓர் அடி கூடவோ குறையவோ ஓடவில்லை. அட்டவணை மட்டும் மாறியது. முதலாவது அட்டவணை ஒருசில சிறந்த வீரர்களைக் கொண்ட இல்லத்துக்குச் சாதகம். இரண்டாவது, எல்லா நிகழ்ச்சிகளுக்கும் ஆள் அனுப்பிய இல்லத்துக்குச் சாதகம். எது நல்லது என்பது பாடசாலை எதை ஊக்குவிக்க விரும்புகின்றது என்பதைப் பொறுத்தது. பிள்ளைகளைப் பரவலாக மைதானத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்றால் இரண்டாவது முறைதான் பொருத்தம். ஆனால் எதுவானாலும் முதல் ஹீட்ஸுக்கு முன்னர் அது அறிவித்தல் பலகையில் இருக்க வேண்டும். பாதிப் போட்டி முடிந்த பின் அட்டவணையைப் பற்றிப் பேசுபவர் யாராக இருந்தாலும், அவர் முடிவைப் பற்றித்தான் பேசுகின்றார்.

அட்டவணையோடு சேர்த்து எழுத வேண்டியவை இன்னும் சில. அஞ்சலோட்டத்துக்கு இரட்டிப்புப் புள்ளியா? அணிநடையும் இல்லச் சோடனையும் சம்பியன் கணக்கில் சேருமா, அல்லது தனிக் கிண்ணமா? மைதானத்தில் ஓடிய பிள்ளையின் புள்ளியைச் சோடனைக்கு வாங்கிய மூங்கிலும் கடதாசியும் தோற்கடிக்கலாமா என்ற கேள்வி இதற்குள் இருக்கின்றது. தனிக் கிண்ணமாக வைப்பதே சச்சரவைக் குறைக்கும். இருவர் இரண்டாமிடத்தைப் பகிர்ந்தால் இரண்டாம், மூன்றாம் இடப் புள்ளிகளைக் கூட்டி இரண்டாகப் பிரிக்க வேண்டும். 3உம் 2உம் சேர்ந்து 5, ஆளுக்கு 2.5. அடுத்து வருபவர் நான்காமிடம். மொத்தப் புள்ளி சமமாகினால் கூடுதல் முதலிடம் பெற்ற இல்லம் மேல்.

கணக்குப் பிழை வருவது பெரும்பாலும் கூட்டலில் அல்ல, பிரதி எடுப்பதில். மைதானத்திலிருந்து ஒரு பிள்ளை வாய்மொழியாக வந்து சொல்வதை எழுதக்கூடாது. மத்தியஸ்தர் கையொப்பமிட்ட முடிவுத் தாளை வைத்து இருவர் தனித்தனியே பதிய வேண்டும். நான்கு இல்லங்களின் புள்ளியைக் கூட்டினால் வரும் தொகை, முடிந்த நிகழ்ச்சிகளுக்குரிய மொத்தத்தோடு பொருந்த வேண்டும். 5, 3, 2, 1 என்றால் ஒரு நிகழ்ச்சிக்கு 11, பத்து நிகழ்ச்சிக்கு 110. பொருந்தாவிட்டால் ஒரு தாள் தவறியிருக்கின்றது, அல்லது இருமுறை ஏறியிருக்கின்றது. முறையீட்டுக்கு, முடிவு அறிவித்ததிலிருந்து 30 நிமிடம். எழுத்தில், இல்லத் தலைவரின் கையொப்பத்துடன். சர்வதேச விதியும் அந்த 30 நிமிடத்தைத்தான் வைத்திருக்கின்றது.

மழை: தொடர்வதா, முதலிலிருந்தா?

இதற்கு உதாரணம் தேடி வெளிநாடு போகத் தேவையில்லை. 2002 செப்டெம்பர் 29. கொழும்பு பிரேமதாச மைதானம். சம்பியன்ஸ் கிண்ண இறுதிப் போட்டியில் இலங்கையும் இந்தியாவும். இலங்கை 50 ஓவர் துடுப்பெடுத்தாடி 244 ஓட்டங்கள். இந்தியா 2 ஓவர் ஆடியபோது மழை. மறுநாள் மேலதிக நாளாக ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் விதியின்படி ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடரவில்லை, முதலிலிருந்து தொடங்கியது. இலங்கை மீண்டும் 50 ஓவர் ஆடி 222 ஓட்டங்கள். இந்தியா 8.4 ஓவர் ஆடியபோது மீண்டும் மழை. இரண்டு நாட்களில் 110 ஓவருக்கு மேல் வீசியும் முடிவில்லை. கிண்ணம் பகிரப்பட்டது.

மாற்றுநாள் ஒதுக்கப்படாமல் இல்லை. ஒதுக்கியிருந்தார்கள். மாற்றுநாளில் என்ன செய்வது என்ற விதிதான் காலை வாரியது.

நமது மைதானத்தில் இதன் பொருள் இதுதான். 'மழை வந்தால் திங்கட்கிழமை' என்று மட்டும் எழுதினால் போதாது. முடிந்த நிகழ்ச்சிகளின் முடிவும் புள்ளியும் நிலைக்கும், மாற்றுநாளில் மீதி மட்டும் நடக்கும் என்று எழுத வேண்டும். ஓடிக்கொண்டிருந்த ஓட்டம் மட்டும் முதலிலிருந்து. ஹீட்ஸில் ஒன்று முடிந்து மற்றது நின்றால், முடிந்தது நிலைக்கும். நீளம் பாய்தலில் எல்லோருக்கும் சமமான முயற்சிகள் முடிந்திருந்தால் அவை கணக்கில் சேரும். சிலருக்கு மட்டும் முடிந்திருந்தால் அந்தச் சுற்று மட்டும் மீண்டும். மாற்றுநாளும் மழையில் போனால், எத்தனை நிகழ்ச்சிகள் முடிந்திருந்தால் சம்பியன் அறிவிக்கப்படும் என்ற எல்லையும் வேண்டும். நான்கில் மூன்று பங்கு என்று வைக்கலாம்.

நிறுத்துவது யார் என்பதும் எழுதப்பட வேண்டும். பிரதம மத்தியஸ்தர் ஒருவரே. இடி கேட்டால் விவாதமில்லை. மைதானத்தைக் காலி செய்து, கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். இடியில்லாத தூறலில் ஓட்டங்கள் நடக்கலாம். உயரம் பாய்தல், தடை தாண்டல், ஈரமான வட்டத்திலிருந்து தட்டெறிதல் ஆகியவற்றை நிறுத்த வேண்டும், வழுக்கினால் எலும்பு முறியும்.

சுண்ணாம்புக் கோடு அரைமணி மழையில் போய்விடும். ஆகவே கோடு போடும்போதே இரண்டு வளைவுகளின் மையத்திலும், வளைவு தொடங்கி முடியும் நான்கு இடங்களிலும், ஒவ்வொரு சுவட்டின் ஆரம்ப இடத்திலும் முளை அடித்து நிலமட்டத்துக்கு இறக்கிவிட வேண்டும். மழை விட்டதும் மையத்து முளையில் கயிறு கட்டி ஒரு மணித்தியாலத்தில் மீண்டும் கோடு போடலாம். முளை இல்லாவிட்டால் மறுபடி அளக்க அரைநாள்.

மாற்றுநாளைத் தெரிவதிலும் எமக்கொரு தனி நெருக்கடி உண்டு. கிழக்கில் வடகீழ்ப் பருவமழை ஜனவரியிலும் விட்டபாடில்லை. மறுபுறம் நோன்பு வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாட்கள் முன்னே வருகின்றது. 2024இல் மார்ச் 12, 2025இல் மார்ச் 2, இப்போது பெப்ரவரிக்குள் வந்துவிட்டது. மழை முடிவதற்கும் நோன்பு தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி ஒவ்வொரு வருடமும் சுருங்குகின்றது. பிரதான நாளை அந்த இடைவெளியின் கடைசி வாரத்தில் வைத்தால் மாற்றுநாளுக்கு இடமிருக்காது. மாற்றுநாளை முதலில் குறித்து, அதிலிருந்து பின்னோக்கி ஒரு வாரம் எண்ணிப் பிரதான நாளையும், அதற்கு முன் ஹீட்ஸ் நாட்களையும் வைப்பதே இனி ஒரே வழி. அந்த இடைவெளியும் முற்றாக மூடிவிடும் வருடங்களில் இரண்டாம் தவணையைப் பற்றி இப்போதே பேச வேண்டும்.

ஒரு தாள்

இவ்வளவும் ஒரே ஒரு தாளில் அடங்கும். பிள்ளைகள் எப்படிப் பிரிக்கப்பட்டனர், இறுதிக்கு எத்தனை பேர், தீர்ப்பு யாருடையது, முறையீடு எத்தனை நிமிடம், புள்ளி எத்தனை, மழை வந்தால் எது நிலைக்கும். அதில் நான்கு இல்லத் தலைவர்களும் பொறுப்பாசிரியர்களும் ஹீட்ஸுக்கு முதல்நாள் கையொப்பமிட வேண்டும். 1908இல் இலண்டனில் இரண்டு விதிநூல்கள் இருந்தன. 2002இல் கொழும்பில் விதி ஒன்றுதான், ஆனால் மழை பெய்யும்வரை யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

பெற்றோர்களே, பழைய மாணவர்களே, இம்முறை போட்டிக்கு வரும்போது முதலில் அறிவித்தல் பலகையில் அந்தத் தாளைத் தேடுங்கள். இருந்தால் வாசித்துவிட்டு அமருங்கள். இல்லாவிட்டால், ஓட்டம் தொடங்குவதற்கு முன்னர் கேளுங்கள். ஓட்டம் முடிந்த பின் கேட்டால் அது உங்கள் பிள்ளையின் இல்லத்துக்காகக் கேட்டதாகவே கொள்ளப்படும்.